பாப்பாவோட காதுல சத்தம் எந்த இடத்துல நின்னுச்சு?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னக் கேள்வியைப் பத்தினது. நான் இப்ப பேசறது உங்க இயர்ஃபோன்ல இருந்து காற்றுல ஒரு அதிர்வா கிளம்புது. ஆனா மூளைக்குக் காற்றும் தெரியாது, அதிர்வும் தெரியாது. நரம்பு வழியா வர்ற மின்துடிப்பு மட்டும்தான் தெரியும். அப்படின்னா நடுவுல எங்கேயோ ஒரு இடத்துல அதிர்வு மின்சாரமா மாறியாகணும். அது எங்க, எப்படி மாறுது?

இதைப் பாடப்புத்தகம் மாதிரி சொல்லாம, ஒரு குழந்தையோட டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை வச்சு சொல்லப் போறேன். எங்க குடும்பத்துக் குழந்தை, என் அக்கா பொண்ணு. பேர் வேண்டாம், பாப்பான்னே சொல்றேன். வீட்ல எல்லார்கிட்டயும் கேட்டுட்டுதான் பேசறேன்.

எங்க ஊரு கே.ஜி.கண்டிகை. திருத்தணி பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டின ஊர். வீட்ல பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. அக்காவைக் கட்டினவர் எங்க அம்மாவோட கடைசித் தம்பி, அதாவது எங்க தாய்மாமா. எங்க பக்கம் இது சாதாரணம். இந்த விவரம் பின்னாடி தேவைப்படும், ஞாபகம் வச்சுக்கோங்க.

பாப்பாவுக்கு ஒரு வயசு தாண்டியும் பேச்சு வரல. ‘உங்க தாத்தாவே மூணு வயசுலதான் பேசினார்’னு பெரியவங்க சொன்னாங்க. காது கேட்குதான்னு யாருக்கும் சந்தேகம் வரல, ஏன்னா சத்தத்துக்கு அவ திரும்பினா. ஆடிக்கிருத்திகைக்குக் காவடி போறப்ப பம்பை அடிச்சா சிலிர்த்துக்குவா. கதவை அறைஞ்சா திடுக்கிடுவா. ஆனா பம்பையோட கனமான ஓசை நெஞ்சுலயும் தரையிலயும் கூடத் தெரியும், கதவு அறைஞ்சா காத்து முகத்துல படும். அதையெல்லாம் உணர காது தேவையே இல்லை. பின்னாடி நின்னு மெல்லக் கூப்பிட்டா அவ திரும்பவே இல்லைங்கறதை அக்காதான் முதல்ல கவனிச்சா. அப்ப பாப்பாவுக்குப் பதினாலு மாசம்.

முதல் படி: காற்றுலேர்ந்து தண்ணிக்கு

அக்கா பின்னாடி நின்னு கூப்பிடறான்னு வச்சுக்குங்க. அவ தொண்டை வினாடிக்கு ஏறக்குறைய 200 தடவை அதிருது. அந்த அதிர்வு காற்றுல பயணம் செஞ்சு பாப்பாவோட செவிப்பறையைத் தள்ளித் தள்ளி இழுக்குது.

இங்கேயே ஒரு பெரிய சிக்கல். உள்காது முழுக்க திரவம். காற்றுல வர்ற சத்தம் தண்ணீர்ப் பரப்புல நேரா மோதினா ஆயிரத்துல ஒரு பங்குதான் உள்ளே போகும், மிச்சமெல்லாம் திரும்பிடும். நீச்சல் குளத்துல முங்கியிருக்கறப்ப வெளியே பேசறது கேக்காம போறது அதனாலதான்.

இந்த நஷ்டத்தை ஈடு கட்டத்தான் நடுக்காதுல மூணு குட்டி எலும்பு இருக்கு. ஸ்கூல்ல படிச்சிருப்போம்: சுத்தி, பட்டை, அங்கவடி. செவிப்பறை பெருசு. அங்கவடி போய் அழுத்தற ஜன்னல் ரொம்பச் சின்னது, பரப்புல கிட்டத்தட்ட 17-ல ஒரு பங்கு. அகலமான இடத்துல வாங்கின தள்ளலை ஒரு சின்னப் புள்ளியில குவிச்சா அழுத்தம் கூடும். கட்டைவிரலால தள்ளற அதே பலம் குண்டூசித் தலையில பட்டா, ஊசி முனை சுவத்துல இறங்கற மாதிரி. எலும்புகளோட நெம்புகோல் வேலையும் சேர்ந்து அழுத்தம் சுமார் 20 மடங்கு ஏறும். போன சத்தத்துல பெரும்பகுதி இப்படித் திரும்பக் கிடைச்சிடும்.

இந்தப் படி சரியா இருக்கான்னு பார்க்கற டெஸ்ட் டிம்பனோமெட்ரி. காதுல ஒரு ரப்பர் முனையை வச்சு, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைச்சு, செவிப்பறை எவ்வளவு சுலபமா அசையுதுன்னு அளப்பாங்க. உள்ளே சளி கட்டியிருந்தா அது அசையாது. சின்னக் குழந்தைங்க காது கேக்காம தடுமாறறதுக்கு இது ரொம்ப சகஜமான காரணம், சரியும் பண்ணிடலாம். எங்க வீட்ல எல்லாரும் இதுவா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டோம். பாப்பாவுக்கு வந்த வளைவு அழகா, நார்மலா இருந்தது. சத்தம் திரவம் வரைக்கும் போகுது. அதுக்கு அப்புறம்தான் பிரச்சினை.

இரண்டாவது படி: சுருதி பிரிக்கற நத்தை

உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு, காக்ளியா. சுருளைப் பிரிச்சா சுமார் 35 மில்லிமீட்டர் நீளம் வரும். உள்ளே நீளவாக்குல ஒரு சவ்வு ஓடுது. அது வாசல் பக்கம் குறுகி விறைப்பா இருக்கும், உச்சிக்குப் போகப் போக அகலமாகித் தளர்ந்திடும். அதனால உச்ச சுருதி வாசல்கிட்டயே சவ்வை ஆட்டிட்டு அடங்கிடும், கட்டைக் குரல் உள்ளே உச்சி வரைக்கும் போய் ஆட்டும். எந்தச் சுருதிங்கறது இப்ப ‘எந்த இடம்’ங்கற விஷயமா மாறிடுது. இந்த அலை சவ்வு மேல ஓடறதை இறந்தவங்களோட காதுகள்ல நேரடியா பார்த்துச் சொன்ன பெக்கெஷிக்கு 1961-ல நோபல் பரிசு கிடைச்சது.

அந்தச் சவ்வு மேல வரிசையா ஹேர் செல்கள் உக்காந்திருக்கு. தலையில முடி மாதிரி இழைகள் நீட்டிக்கிட்டு இருக்கறதால அந்தப் பேர். ரெண்டு வகை. உள் வரிசையில ஒரு காதுக்கு சுமார் 3,500. மூளைக்குச் செய்தி அனுப்பறதுல பெரும்பங்கு இவங்க வேலைதான். வெளி வரிசைகள்ல சுமார் 12,000. இவங்க சத்தம் பட்டதும் சுருங்கி விரிஞ்சு, சவ்வோட ஆட்டத்தை அந்த இடத்துலேயே கூட்டிவிடற ஆம்ப்ளிஃபையர்.

ஆம்ப்ளிஃபையர்னா கொஞ்சம் ஒலி வெளியேயும் கசியும் இல்லையா? நிஜமாவே கசியுது. நல்லா இருக்கற காதுக்குள்ள ஒரு ‘க்ளிக்’ போட்டா, சில மில்லிசெகண்ட் கழிச்சு காதே திரும்ப ஒரு மெல்லிய சத்தம் போடும். இதை 1978-ல டேவிட் கெம்ப் காட்டினார். பிறந்த குழந்தைக்கு எடுக்கற ஓ.ஏ.இ. டெஸ்ட் இதுதான். தூங்கற குழந்தை காதுல ஒரு சின்ன மைக் வச்சு, காது பதில் சொல்லுதான்னு கேட்கறது. ரத்தம் எடுக்க வேண்டாம், மயக்கம் கொடுக்க வேண்டாம், சில நிமிஷத்துல முடிஞ்சிடும்.

பாப்பாவோட காது பதில் சொல்லல. ரெண்டு பக்கமும் இல்லை. பத்து நாள் கழிச்சு மறுபடி எடுத்தாங்க, அப்பவும் இல்லை.

மூணாவது படி: அதிர்வு மின்சாரமாகற நொடி

இப்ப நம்ம கேள்வியோட நடு இடத்துக்கு வந்துட்டோம். கொஞ்சம் மெதுவா போவோம்.

ஒரு ஹேர் செல்லோட தலையில இருக்கற இழைகள் படிக்கட்டு மாதிரி உயர வரிசையில நிக்குது. ஒவ்வொரு குட்டை இழையோட நுனியிலேர்ந்தும் பக்கத்துல இருக்கற உயரமான இழைக்கு ஒரு மெல்லிய கயிறு கட்டியிருக்கு. டிப் லிங்க்னு சொல்வாங்க. சவ்வு ஆடினா இழைகள் சாயும். உயரமான பக்கமா சாஞ்சா கயிறு விறைக்கும். கயித்தோட முனையில ஒரு கதவு இருக்கு, விறைச்சா அது இழுபட்டுத் திறக்கும். எதிர்ப்பக்கம் சாஞ்சா கயிறு தொய்யும், கதவு மூடும். அக்காவோட குரல் வினாடிக்கு 200 தடவை அதிர்ந்தா, கதவும் 200 தடவை திறந்து மூடும்.

அவ்வளவுதான் பொறியமைப்பு. கண்ணுல வெளிச்சம் பட்டா வேதிப்பொருள்கள் ஒண்ணை ஒண்ணு தட்டிவிட்டு அப்புறம்தான் சிக்னல் வரும். காதுல அந்தச் சுத்து வழியே கிடையாது, கயிறு நேரா கதவை இழுக்குது. கதவு மைக்ரோசெகண்ட் கணக்குல திறக்கறதால ஒலியோட வேகத்துக்கு அதால ஈடு கொடுக்க முடியுது. நாம கேட்கற மிகச் சன்னமான சத்தத்துக்கு இந்த இழைகள் அசையற தூரம் ஒரு நானோமீட்டர் அளவுலதான் இருக்கும்.

கதவு திறந்தா மட்டும் மின்சாரம் வந்திடாது. எதாவது உள்ளே பாயணும். பாயறது பொட்டாசியம். சாதாரணமா நம்ம உடம்புல பொட்டாசியம் செல்லுக்குள்ளதான் நிறைய இருக்கும், கதவைத் திறந்தா வெளியே ஓடும். ஹேர் செல் தலைப்பக்கம் மட்டும் கதை தலைகீழ். அங்க இருக்கற திரவத்துல பொட்டாசியம் நிரம்பியிருக்கு, அதோட அந்தத் திரவத்துக்கு சுமார் 80 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தமும் இருக்கு. செல்லோட உள்பக்கமோ எதிர்மின்னழுத்தம், 50, 60 மில்லிவோல்ட் அளவுல. ரெண்டுக்கும் நடுவுல 130, 140 மில்லிவோல்ட் வித்தியாசம். கதவு திறந்த உடனே பொட்டாசியம் செல்லுக்குள்ள பாய்ஞ்சிடும்.

நம்ம ஊர் ஓவர்ஹெட் டேங்கை நினைச்சுக்குங்க. மோட்டார் போட்டு ராத்திரியே தண்ணியை மேல ஏத்தி வச்சாச்சு. காலைல குழாயைத் தொட்டாலே தண்ணி வருது, குழாய் ஒரு வேலையும் செய்யல. ஹேர் செல் அந்தக் குழாய். மோட்டார் காக்ளியாவோட பக்கச்சுவர்ல இருக்கற ரத்தக்குழாய் நிறைஞ்ச ஒரு பட்டை. அது ராப்பகலா பொட்டாசியத்தை ஏத்திக்கிட்டே இருக்கு.

பொட்டாசியம் உள்ளே வந்ததும் செல்லோட மின்னழுத்தம் மாறும். அதனால செல்லோட அடிப்பக்கம் கால்சியம் உள்ளே வரும், குளுட்டமேட்ங்கற வேதிப்பொருள் வெளியே கொட்டும், கீழே காத்துக்கிட்டிருக்கற நரம்பு நுனி அதை வாங்கித் துடிக்கும். ஒரு உள் ஹேர் செல்லுக்குப் பத்து, இருபது நரம்பிழைகள். ஒரு காதுக்கு மொத்தம் சுமார் 30,000. இப்ப மூளைக்கு மூணு தகவல் போகுது: எந்த இடத்து நரம்பு துடிக்குது, எந்தத் தாளத்துல துடிக்குது, எத்தனை நரம்பு எவ்வளவு அடர்த்தியா துடிக்குது. சுருதியும் சத்தத்தோட அளவும் இதுக்குள்ளதான் இருக்கு.

நரம்பு பேசுதான்னு எப்படித் தெரியும்?

அதுக்குத்தான் பேரா டெஸ்ட். குழந்தையைத் தூங்க வச்சு, நெத்தியிலயும் காதுக்குப் பின்னாடியும் ஒட்டுப்பட்டை வச்சு, காதுல ஆயிரக்கணக்குல க்ளிக் போடுவாங்க. ஒவ்வொரு க்ளிக்குக்கும் நரம்புலேர்ந்து மூளைத்தண்டு வரைக்கும் சிக்னல் ஏறிப் போறது பத்து மில்லிசெகண்டுக்குள்ள அலை அலையா திரையில தெரியணும். பாப்பாவுக்கு 90 டெசிபெல் வரைக்கும் ஏத்தியும் கோடு தட்டையாதான் இருந்தது. 90-ங்கறது காதுக்குப் பக்கத்துல மிக்ஸி ஓடற மாதிரி.

இங்க ஒரு விஷயம் முக்கியம். சில குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. நல்லா வரும், பேரா வராது. வெளி ஹேர் செல் நல்லா இருக்கு, ஆனா செய்தி நரம்புக்குப் போய்ச் சேரலைன்னு அர்த்தம். பிறந்தப்ப கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தைகள்ல இதைப் பார்க்கறாங்க. அவங்க முதல் டெஸ்ட்ல பாஸ் ஆகிடுவாங்க. அதனால இன்குபேட்டர்ல இருந்த, காமாலை வந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, பேராவும் கேட்டு எடுக்கணும்.

பாப்பாவுக்கு ரெண்டுமே இல்லை. எம்.ஆர்.ஐ.ல பார்த்தா காக்ளியா வடிவம் சரியா இருக்கு, காது நரம்பும் ரெண்டு பக்கமும் தடிமனா இருக்கு. எலும்பு சரி, நரம்பு சரி. அப்ப சத்தம் நின்னது ஹேர் செல்கள் இருக்கற அந்தக் குறுகின இடத்துல.

ஒரே ஒரு எழுத்து

டாக்டர் மரபணு டெஸ்ட் எழுதினாங்க. ரிசல்ட்ல கனெக்சின் 26-ங்கற புரதத்தோட மரபணுவுல ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்தப் புரதம் 226 அமினோ அமிலம் நீளம். 24-வது இடத்துல வர்ற மாற்றத்தால ‘இதோட நிறுத்து’ன்னு கட்டளை வந்திடுது. புரதம் உருவாகவே இல்லை.

கனெக்சின் 26 என்ன பண்ணும்? பக்கத்துப் பக்கத்து செல்களுக்கு நடுவுல குட்டிச் சுரங்கப்பாதை அமைக்கும். ஹேர் செல்லுக்குள்ள பாய்ஞ்ச பொட்டாசியத்தை ஒரு செல்லுலேர்ந்து அடுத்த செல்லுக்குக் கைமாத்தி, திரும்பவும் அந்த மோட்டார்கிட்ட கொண்டு போறது இந்தப் பாதைகள் வழியாத்தான்னு ரொம்ப நாளா விளக்கம் சொன்னாங்க. பாதை இல்லைன்னா டேங்க் நிரம்பாது. பின்னாடி எலிகள்ல செஞ்ச ஆய்வுகள்ல, இந்தப் புரதம் இல்லாட்டி காக்ளியா முழுசா வளர்றதே தடைபடுதுன்னும் தெரிஞ்சது. எப்படியானாலும் கடைசியில அதிர்வு வருது, மின்சாரம் கிளம்பல.

இதே மாற்றம்தான் இந்தியாவுல இந்த மரபணுவால காது கேக்காம பிறக்கற குழந்தைகள்கிட்ட ரொம்ப அதிகமா தென்படறது. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அனுரஞ்சன் ஆனந்த் குழு 2003-ல வெளியிட்ட ஆய்வு, இது ஏதோ ஒரு பழைய மூதாதையர்கிட்டேர்ந்து வழிவழியா பரவினதுன்னு காட்டுச்சு.

இப்ப அந்தத் தாய்மாமா விஷயத்துக்கு வருவோம். இந்த மரபணு ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு பிரதி இருக்கும். ஒண்ணு பழுதானாலும் மத்தது சமாளிக்கும், காது நல்லா கேட்கும். ரெண்டும் பழுதானாதான் கேக்காது. மாமாவுக்கும் அக்காவுக்கும் ஒவ்வொரு பிரதி பழுது. ரெண்டு பேருக்கும் காது ஒரு குறையும் இல்லை. அப்படிப்பட்ட ரெண்டு பேருக்குப் பிறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் ரெண்டு பழுதும் சேர்ந்து வர நாலுல ஒரு வாய்ப்பு. சொந்தம் இல்லாத ரெண்டு பேருக்கும் இது நடக்கலாம், ஆனா அபூர்வம். சொந்தத்துல மாமன்கிட்ட ஒரு பழுது இருந்தா, அக்கா மகள்கிட்டயும் அதே பழுது இருக்க நாலுல ஒரு வாய்ப்பு உண்டு.

ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அக்கா என்னென்ன கேட்டான்னு நான் பார்த்தேன். கிரகணத்தன்னைக்கு வெளிய போனியா, மாசமா இருக்கறப்ப பப்பாளி சாப்பிட்டியான்னு. ரிப்போர்ட்டை எங்க அம்மாவுக்குத் தெலுங்குல விளக்கிச் சொன்னப்ப, அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கல்யாணத்தைப் பேசி முடிச்சவங்க அவங்கதானே. ‘தெரிஞ்சா செஞ்சோம், விடு’ன்னு அக்காதான் அம்மாவைத் தேத்தினா.

ஹேர் செல்லைத் தாண்டி

பாலூட்டிகள்ல ஹேர் செல் போனா போனதுதான், திரும்ப முளைக்காது. ஹியரிங் எய்ட் சத்தத்தைப் பெருசாக்கும். ஆனா பெருசாக்கின சத்தத்தை மின்சாரமா மாத்த ஆள் இல்லைன்னா என்ன பிரயோஜனம்? பாப்பாவுக்குச் சில மாசம் மாட்டிப் பார்த்தாங்க, பலன் இல்லை.

அதனால காக்ளியர் இம்ப்ளான்ட். காதுக்கு வெளிய இருக்கற கருவி சத்தத்தை வாங்கி சுருதி வாரியா பிரிக்கும். தோலுக்கு அடியில வச்ச பகுதிக்குக் காந்தம் ஒட்டின காயில் வழியா அனுப்பும். அங்கேர்ந்து காக்ளியாவுக்குள்ள நுழைச்ச மெல்லிய கம்பியில, மாடலைப் பொறுத்து 12-லேர்ந்து 22 மின்முனைகள். உச்ச சுருதின்னா வாசல்கிட்ட இருக்கற முனை, தாழ்ந்த சுருதின்னா உள்ளே இருக்கற முனை. ஒவ்வொண்ணும் நேரா நரம்புக்கே மின்துடிப்பு கொடுக்கும். எலும்பு, சவ்வு, கயிறு, கதவு, பொட்டாசியம் எல்லாத்தையும் ஒரே தாவலா தாண்டியாச்சு. நரம்பு நல்லா இருக்கற பாப்பா மாதிரி குழந்தைகளுக்கு இது பொதுவா நல்லா பலன் கொடுக்கும்.

ஆனா 3,500 செல் செஞ்ச வேலையை இருபது சொச்சம் முனைகள் செய்யுது. அதனால கேட்கறது நாம கேட்கற மாதிரி இருக்காது. ‘புலி’க்கும் ‘புளி’க்கும், ‘வலி’க்கும் ‘வழி’க்கும் உள்ள வித்தியாசம் சுருதியில சின்னச் சின்ன நகர்வுதான், அது அவங்களுக்குக் கஷ்டம். பாட்டோட மெட்டு இன்னும் கஷ்டம். கூட்டத்துல, ஒலிபெருக்கிக்கு நடுவுல பேச்சைப் பிரிக்கறதும் கஷ்டம்.

இருபத்திரண்டு மாசத்துல ஆபரேஷன். நாலு வாரம் கழிச்சு ஆன் பண்ணினாங்க. வீடியோல பார்க்கற மாதிரி சிரிக்கல, அழுதா. அவ மூளைக்கு அந்தத் துடிப்பு என்னன்னே தெரியாது. தினமும் பயிற்சி, ரெண்டு வருஷம். குக்கர் விசில் வந்தா நிறுத்தி, ‘என்ன சத்தம்?’னு காட்டணும். பேர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பினா பாராட்டணும். மூளையோட கேள்விப் பகுதி முதல் மூணு வருஷத்துல சத்தம் கிடைக்கலைன்னா அந்த இடத்தைப் பார்வைக்கும் தொடுதலுக்கும் விட்டுக்கொடுக்க ஆரம்பிச்சிடும். அதுக்கப்புறம் அதே கருவியை வச்சாலும் பேச்சு வர்றது ரொம்பச் சிரமம். செலவைப் பொறுத்தவரை, தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல சின்னக் குழந்தைகளுக்கு இது உண்டு. அதுக்கும் ஆறு வயசுன்னு வரம்பு இருக்கு.

பாப்பாவுக்கு இப்ப அஞ்சு வயசு. வாய் ஓயறதில்லை, ரெண்டு மொழியிலயும். ‘ழ’ இன்னும் வரல. அது எனக்கே சில நேரம் வராது.

கேட்டுக்கிட்டிருக்கற உங்க வீட்லயோ நண்பர்கள் வீட்லயோ குழந்தை பிறந்தா ஒரு கணக்கை ஞாபகம் வச்சுக்குங்க: ஒண்ணு, மூணு, ஆறு. ஒரு மாசத்துக்குள்ள ஓ.ஏ.இ. டெஸ்ட். அதுல சந்தேகம்னா மூணு மாசத்துக்குள்ள பேரா எடுத்து முடிவு. குறை உறுதியானா ஆறு மாசத்துக்குள்ள கருவியும் பயிற்சியும் ஆரம்பிக்கணும். டிஸ்சார்ஜ் ஆகறப்ப ‘காது டெஸ்ட் எடுத்தாச்சா, ரிப்போர்ட் எங்க’ன்னு கேளுங்க. வீட்ல சோதிக்கறதா இருந்தா கைதட்டி, தட்டை உருட்டிப் பார்க்காதீங்க. பின்னாடி நின்னு, நிழல் படாம, காத்து படாம, மெல்லப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. திரும்பலைன்னா நாளைக்கே கிளம்புங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். இயர்ஃபோன் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, அந்தக் கயிறுங்க அறுந்துடப் போகுது.